சோப்பு எடுத்தா குழாயை மூடு!

தேனி, சின்னமனூர், கம்பம் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் தோழர்களே! சங்கப் பொறுப்பாளர்களே! மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றும் காவலாளித் தோழர்களே!

நம் பள்ளத்தாக்கின் தண்ணீர்க் கணக்கு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் தேக்கடிச் சுரங்கத்தில் நமக்குத் தண்ணீர் ஏறாது. அணை திறக்கும்போது லோயர் கேம்ப் வழியாக இறங்கிவரும் நீரில் ஒரு பங்கு குடிநீருக்கு, மற்றது 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு. மாடியில் நாம் திறந்துவிட்டு மறந்த குழாயும் கூடலூர் வயலின் மடையும் ஒரே ஆற்றை நம்பித்தான் இருக்கின்றன.

இத்தனை தெரிந்தும் நம் குடியிருப்புகளில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறோம்? 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்.' லிஃப்ட் பக்கத்தில், நோட்டீஸ் பலகையில். எந்த நேரத்தில், எந்தக் கையால், எதைச் செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதனால் யாரும் எதுவும் செய்வதில்லை. 2007இல் கடும் வறட்சியில் சிக்கிய ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் வட்டாரத்தில், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள். அதற்கு வழியாக 'நாலு நிமிடத்தில் குளித்து முடி' என்று ஒரு பழக்கத்தை முன்னிறுத்தி, குளியலறைக்கு நேரம் காட்டும் கருவியையும் வீடுவீடாகக் கொடுத்தார்கள். மக்கள் அந்த இலக்குக்கும் கீழே இறங்கினார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதுதான் தலைப்பில் இருக்கும் முழக்கம்.

ஏன் சோப்பு? கை கழுவும்போதும், குளிக்கும்போதும், பாத்திரம் துலக்கும்போதும் சோப்பு தேய்க்கும் நேரத்தில் தண்ணீருக்கு வேலையே இல்லை. அப்போது ஓடுவது முழுக்க வீண். சோப்பைத் தொடுவதே குழாயை மூடச் சொல்லும் நினைவூட்டல்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சமையலறைக் குழாயில் ஒரு லிட்டர் பாட்டில் பத்து நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 6 லிட்டர். மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தேய்க்க எட்டு நிமிடம், அலச நாலு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். குழாய் திறந்தே இருந்தால் 72 லிட்டர். தேய்க்கும்போது மூடினால் 24 லிட்டர். ஒரு வேளைக்கு 48 லிட்டர் மிச்சம். இரண்டு வேளைக்கு 96. இருபத்திநாலு வீட்டுக் குடியிருப்பில் பாதிப்பேர் மட்டும் இதுவரை திறந்தே விட்டவர்கள் என்றாலும், நாளொன்றுக்கு 1,150 லிட்டருக்கு மேல், அதாவது ஒரு ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறைந்து வழியும் அளவு. உங்கள் வீட்டுக் குழாயை நீங்களே அளந்து கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

தடை எங்கே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய திருகுக் குழாயை மூட நாலைந்து சுற்று வேண்டும். சோப்புக் கையில் அது வழுக்கும். அதனால்தான் திறந்தபடியே விடுகிறார்கள், அலட்சியத்தால் மட்டுமல்ல. கால் சுற்றில் மூடும் நெம்புக் குழாயாக மாற்றினால் புறங்கையால் தட்டி மூடிவிடலாம். சங்கப் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். பல வீடுகளில் பாத்திரம் துலக்குவது வேலைக்கு வரும் அக்காக்கள். அவர்களுக்கு உத்தரவு போடாதீர்கள். பக்கத்தில் நின்று பேசுங்கள், குழாயை மாற்றிக் கொடுங்கள். முழக்கத்தைப் பாத்திரத் தொட்டிக்கு மேலே, கண்ணுக்கு நேராக ஒட்டுங்கள்.

பலன் தெரிய வேண்டுமே! வீட்டுக்கு வீடு மீட்டர் இல்லை, பராமரிப்புக் கட்டணமோ எல்லாருக்கும் சமம். யார் எவ்வளவு செலவழித்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே மோட்டார் அறைச் சுவரில் ஒரு தாளைத் தொங்கவிட்டு, தினமும் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்று எழுதுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒரு வாரம், ஒட்டிய பின் ஒரு வாரம். ஊர்த் திருவிழாவுக்கு விருந்தாளிகள் வந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எண் குறையவே இல்லையா? இரவு பதினொன்றுக்கும் விடியற்காலை நாலுக்கும் மேல்தொட்டியில் மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். ஊர் தூங்கும் நேரத்தில் மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் எங்கோ ஃபிளஷ் தொட்டியோ குழாயோ கசிகிறது. அதை எந்த முழக்கமும் அடைக்காது. பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

தோழர்களே, அணை மட்டம் இறங்கிய பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை. வரும் ஞாயிறே கூடுங்கள். திங்கள் காலையிலிருந்து மோட்டார் நிமிடங்களை எழுதத் தொடங்குங்கள். அடுத்த திங்கள் ஒவ்வொரு சமையலறைக் குழாய்க்கும் மேலே அந்த நாலு சொல் இருக்க வேண்டும்: சோப்பு எடுத்தா குழாயை மூடு. ஐந்தாவது சொல்லைச் சேர்க்காதீர்கள்!