கைராய்டு: சுவர் எவ்வளவு தடிமன்?

பள்ளி ரோபோ போட்டிக்கு மகள் அச்சடித்த கை ரொம்பக் கனம், சின்ன சர்வோ மோட்டார் தூக்க மாட்டேங்குது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். 100 × 30 × 20 மி.மீ. அளவில், முழுக்க பி.எல்.ஏ. நிரப்பிய கட்டை அது. எடை சுமார் 74 கிராம் வரும். உள்ளே கைராய்டு போட்டால் பாதிக்கும் கீழே குறைக்கலாம்.

நாசாவில் இருந்த ஆலன் ஷோன் 1970-இல் விவரித்த வளைபரப்பு இது. மாடலிங் மென்பொருளில் இதை ஒவ்வொரு கம்பியாக வரையத் தேவையில்லை. ஒரே சமன்பாடு போதும்:

```
|sin(kx)·cos(ky) + sin(ky)·cos(kz) + sin(kz)·cos(kx)| < t
k = 2π / a
```

இதற்குள் அடங்கும் புள்ளிகள் எல்லாம் பிளாஸ்டிக், மற்றவை காற்று. a என்பது ஓர் அறையின் அளவு. t எவ்வளவு இடம் நிரம்பும் என்பதைச் சொல்கிறது. நிரம்பும் பங்கு ஏறத்தாழ t-யில் மூன்றில் இரண்டு.

இந்தக் கைக்கு a = 10 மி.மீ., t = 0.37 எடுத்தேன். கால் பங்கு நிரம்பும். சுவர் சராசரி 0.8 மி.மீ., அதாவது 0.4 நாசிலுக்கு இரண்டு கோடு. வெளியே 1.2 மி.மீ. தோல் விட்டால் மொத்தம் சுமார் 30 கிராம்தான்.

இன்னும் நெருக்கமா இருந்தா பலம் கூடுமே என்று a-யை 5 ஆக்கத் தோன்றும். அப்போதும் நிரம்புவது அதே கால் பங்குதான், எடையும் மாறாது. ஆனால் சுவர் பாதியாகி 0.4-க்கு வந்துவிடும். சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை. மெல்லிய இடங்களில் 0.34 தான் இருக்கும். பல ஸ்லைசர்கள் அந்த இடங்களை அச்சிடாமல் விட்டுவிடும். கோப்பு திரையில் நன்றாகவே தெரியும். அதனால் ஸ்லைசரின் அடுக்குக் காட்சியில் ஒவ்வொரு அடுக்காக நகர்த்திப் பாருங்கள். கோடு அறுந்து தெரிந்தால் a-யைக் கூட்டுங்கள்.

ரெசின் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கைராய்டு சுவர் உள்ளிடத்தை ஒன்றோடொன்று சேராத இரண்டு சுரங்கப் பாதைகளாகப் பிரிக்கிறது. தோலில் ஒரே ஒரு துளை போட்டால் ஒரு பாதையில் உள்ள ரெசின் மட்டும் வடியும். மற்றது உள்ளேயே தங்கி, பின்னாளில் கசியும், தோலையும் பிளக்கும். ஆகவே ஒவ்வொரு பாதைக்கும் தனியாக, ரெசின் இறங்க ஒன்று, காற்று நுழைய ஒன்று என்று இரண்டிரண்டு துளைகள் வையுங்கள். குறுக்கு வெட்டுப் படத்தில் எந்தத் துளை எந்தப் பாதையில் திறக்கிறது என்று பார்த்த பிறகே கோப்பை அனுப்புங்கள்.