இருபத்து நாலுதானே!

டொரண்டோவில் மகள் வீட்டில் இருந்தபோது பழகிய நண்பர் ஒருவர், ஓய்வூதியம் வந்ததும் லோட்டோ 6/49 சீட்டுகளை வாங்கிக் குவிப்பார். 49 எண்களில் விழப்போகும் ஆறையும் சரியாகக் குறித்திருக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு வாய்ப்பு 1,39,83,816ல் ஒன்று. இப்படிச் சொன்னால் அவருக்கென்ன, எனக்கே உறைப்பதில்லை.

நாணயத்தைச் சுண்டி, தொடர்ந்து 24 முறை தலை விழுவது போல என்று விளக்குவார்கள். கணக்கு ஏறக்குறைய சரி. அது 1,67,77,216ல் ஒன்று. ஆனால் 24 என்பது காதுக்குச் சின்ன எண். நண்பரும், "இருபத்து நாலுதானே!" என்றார்.

சரி, சுண்டிப் பாருங்கள் என்றேன். பூ விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஒரு மணி நேரம் சுண்டியும் எட்டைத் தாண்டவில்லை. கை வலித்ததுதான் மிச்சம். எட்டுத் தலை 256ல் ஒன்று. 24 என்பது அதைவிட மூன்று மடங்கு கடினம் என்றே நம் மனம் எண்ணுகிறது. உண்மையில் 65,536 மடங்கு! ஒவ்வொரு முறை சுண்டும்போதும் வாய்ப்பு பாதியாகிறதே. சுண்டிப் பார்க்காதவருக்கு இந்த உவமையால் பயனில்லை என்பேன்.

எனக்குப் பிடித்தது வேறு. பொங்கலன்று அதிகாலை தொடங்கி ஜூன் கடைசி வாரம் வரை, இரவு பகலாக ஓடும் நொடிகளில் ஒன்றை நான் மனதில் நினைத்துக்கொள்கிறேன். எந்த நாள், எந்த மணி, எந்த நொடி என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஒரே தடவைதான்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "பத்துச் சீட்டு வாங்கினால் பத்து நொடி சொல்லலாமா?" என்றார்.

சொல்லலாம்தான்.