குற்றவாளி தாயா, சீசாவா?

ஆசிரியருக்கு,

சென்ற இதழ்ச் சிறுகதையில், கணவன் வேடசந்தூர் மில்லில் நைட் ஷிப்ட் போயிருக்க, இளம்தாய் லேபிளைத் தவறாகப் படித்துக் காய்ச்சல் குழந்தைக்கு மருந்து கொடுக்கிறாள். கதாசிரியர் அதை அவளுடைய அசட்டையாகவே பார்க்கிறார். ஆனால் பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். சொட்டு மருந்தில் ஒரே மில்லிக்கு 100. எட்டுக் கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம் போதும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் 5 மில்லி ஊற்றினால் 500 போய்விடும், நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு சீசாவிலும் மருந்துப் பெயர் ஒன்றே. வித்தியாசம் பொடி ஆங்கில எழுத்தில்தான்.

படித்தவள் கவனித்திருக்க வேண்டாமா என்பார்கள். அமெரிக்காவில் படித்தவர்களும் இப்படித் தவறியதால்தான், 2011இல் தயாரிப்பாளர்கள் அடர்சொட்டைக் கைவிட்டு ஒரே அளவுக்கு மாறினார்கள். விடியலில் காய்ச்சல் தணிந்ததும் கதை நிம்மதியாக முடிவதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு வேளையோடு நின்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. அதே அளவு ஆறு மணிக்கொரு தரம் தொடர்ந்தால் ஈரல் கெடும், ஆனால் முதல் நாளில் குழந்தை நன்றாக இருப்பதாகவே தெரியும். சீசாவோடு உடனே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
திண்டுக்கல்