விலாசத்தில் குறைந்த ஓர் எழுத்து

எங்கேனும் வெள்ளம் என்று செய்தி வந்த மறுநாளே, நம் சங்க அன்பர்களின் வாட்ஸப் குழுக்களில் உதவி கேட்கும் படங்கள் வந்து குவிகின்றன. 2023 டிசம்பரில் முதலில் சென்னையும், இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளும் தண்ணீரில் தத்தளித்தபோது, தில்லியில் இருக்கும் நம்மால் ஊருக்கு ஓடிப்போய்ச் சேறு அள்ள முடியவில்லை. பணம்தான் அனுப்ப முடிந்தது. நம்முடைய அந்தத் தவிப்புதான் மோசடிக்காரரின் முதலீடு. ஆகவே, சரிபார்க்காத எந்த நன்கொடை வேண்டுகோளையும் சங்கத்தின் குழுவில் போடக்கூடாது என்று நிர்வாகக் குழு விதி செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கடுமையாகத் தோன்றலாம். காரணத்தையும் கேளுங்கள்.

2020 மார்ச் 28ஆம் தேதி, கொரோனா நிவாரணத்துக்காகப் பி.எம். கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டது. அதற்குரிய யூபிஐ முகவரி pmcares@sbi. ஓரிரு நாளுக்குள் pmcare@sbi என்று இன்னொரு முகவரி உலவத் தொடங்கியது. வித்தியாசம் கடைசி ‘s’ ஒன்றுதான். தில்லி காவல்துறையின் சைபர் பிரிவு எச்சரிக்கை விடுத்தது. ஸ்டேட் வங்கி அந்த முகவரியை முடக்கியது. @ குறிக்குப் பின்னால் வேறு வங்கிகளின் பெயரை ஒட்டிய போலிகளும் வந்தன.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? யூபிஐ முகவரியில் @ குறிக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் கணக்கு வைத்திருப்பவர் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட பெயர். வீட்டு வாசலில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயர்ப் பலகையும் மாட்டிக்கொள்ளலாம் அல்லவா, அதுபோல. பின்னால் இருக்கும் பகுதி எந்த வங்கி அல்லது செயலி வழியே பணம் போகிறது என்பதை மட்டும் சொல்லும். ஆகவே முகவரியைப் படித்து நம்புவதில் பயனில்லை.

நம்பத்தக்கது வேறொன்று. ரகசிய எண்ணைப் போடுவதற்கு முன், பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். முன்பெல்லாம் சில செயலிகளில் அவரவர் வைத்துக்கொண்ட பெயரே தெரிந்தது. 2025 ஜூன் இறுதிக்குள் வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரையே காட்டியாக வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் உத்தரவிட்டது. ‘முதலமைச்சர் நிவாரண நிதி’ என்று படத்தில் போட்டிருக்க, திரையில் யாரோ ஒரு தனிமனிதரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அவசரத்தில் அந்த ஒரு வரியை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

கட்டம் கட்டமான க்யூஆர் படம் இன்னும் மோசம். முகவரியில் ஓர் எழுத்து குறைந்தால் கூர்ந்த கண்ணுக்குத் தெரியும். இந்தக் கட்டங்களை எந்தக் கண்ணாலும் படிக்க முடியாது. அரசு முத்திரையும் வெள்ளக் காட்சியும் அப்படியே இருக்க, மூலையில் உள்ள சதுரத்தை மட்டும் மாற்றி ஒட்டிவிடலாம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்த சில நாட்களிலேயே, தவறாகப் பயன்படுத்த இடமிருக்கிறது என்று சொல்லி, முதலமைச்சர் நிதிக்கான க்யூஆர் முறையைக் கேரள அரசு விலக்கிக்கொண்டது. அரசே தயங்கிய ஒன்றை நாம் ஏன் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வேண்டும்? அரசு நிதிக்குக் கொடுப்பவர் அதன் இணையதளத்துக்குத் தாமே முகவரி தட்டிப் போய்க் கொடுப்பதுதான் சரி.

அறக்கட்டளைகள் விஷயம் சற்றுச் சிக்கலானது. அங்கே திரையில் வரும் பெயரும் அறக்கட்டளையின் பெயராகவே இருக்கும். அது உண்மையாகவே இயங்குகிறதா என்பதுதான் கேள்வி. ரசீதுப் புத்தகத்தை எந்த அச்சகத்திலும் அடித்துக்கொள்ளலாம். வரிவிலக்குச் சான்றிதழை அப்படி அடிக்க முடியாது. 2021-22 நிதியாண்டு முதல், வரிவிலக்குக்கு அனுமதி பெற்ற நிறுவனம் நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, துறையின் தளத்திலிருந்தே சான்றிதழை இறக்கித் தர வேண்டும் என்று விதி வந்தது. அது நிதியாண்டு முடிந்த பிறகுதான் கைக்கு வரும் என்பதால், “போன வருஷம் கொடுத்தவர் யாருக்காவது அந்தச் சான்றிதழ் வந்ததா?” என்று விசாரிப்பதே உத்தமம். வெள்ளத்துக்கென்று நேற்று முளைத்த அமைப்பால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதில் நல்லவர்களும் இருக்கலாம். ஆனாலும் முன்பின் அறியாதவர்களுக்குப் பொதுப் பணத்தைத் தர நான் சம்மதியேன். இன்னொன்று: இந்தச் சான்றிதழ் பணம் கணக்கில் ஏறியதைத்தான் காட்டும். அரிசியாக, பாயாக ஊர்போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அங்கே நமக்குத் தெரிந்த ஒருவர் நேரில் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. ஊர்ப்பக்கம் உறவு இல்லாத உறுப்பினர் நம்மில் யார்?

“தர்மம் செய்யும்போது கணக்குக் கேட்பதா?” என்று நம் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். தமக்காகக் கேட்க வேண்டாம் ஐயா. அவர்கள் ஒரு படத்தை மேலனுப்பினால், “மாமாவே அனுப்பியிருக்கிறார்” என்று இருபது வீடுகளில் பணம் போடுகிறார்கள். மோசடிக்காரரை அந்த இருபது பேரில் எவரும் நம்பவில்லை, மாமாவைத்தான் நம்பினார்கள்.

தவறான இடத்துக்குப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் எழுதலாம். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் தகவல் போனால் வங்கியால் அதை நிறுத்திவைக்க முடியும். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதைக் கேட்பார்கள்.