முதல் கடிதத்திலேயே கணக்கு

"நாம் சேர்ந்து ஒரு வெபினார் நடத்தலாமே" என்று மொட்டையாக வரும் அழைப்புக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. யார் என்ன செய்வது, யார் பணம் போடுவது என்ற விவரமே அதில் இருக்காது.

திருப்பூரில் பில்லிங் மென்பொருள் விற்பவர் ஒருவர், வரி ஆலோசகர் ஒருவருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்-விலைப்பட்டியல் கட்டாயம். இருவரின் வாடிக்கையாளர்களுக்கும் தலைவலி ஒன்றுதான். விற்கும் சரக்கு வேறு. சட்டத்தை ஆலோசகர் 25 நிமிடம் விளக்குவார். மென்பொருள்காரர் 15 நிமிடம் திரையில் செய்துகாட்டுவார். மீதி நேரம் கேள்விகளுக்கு.

செலவு 12,000 ரூபாய் என்றால் 8,000 மென்பொருள்காரருடையது. அன்றே விற்கப்போவது அவர்தானே!

கூட்டத்தைப் பற்றித்தான் அளந்துவிடுகிறார்கள். இவரிடம் 1,200 முகவரி, அவரிடம் 800; இரண்டிலும் இருப்பவர்கள் 300 என்றால் உண்மையில் 1,700 பேர்தான். நூற்றுக்கு 5 பேர் பதிந்தால் 85. அதில் பாதிக்கும் குறைவாகவே வருவார்கள். "35 பேர்" என்று எழுதுவதே நேர்மை.

சண்டை பிறகுதான் வரும், பதிவுப் பட்டியலுக்காக. ஆளுக்கொரு பதிவு இணைப்பு கொடுத்தால் யார் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். விவரங்கள் இரு நிறுவனங்களுக்கும் போகும் என்று படிவத்திலேயே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். பதிந்தவர்களை முதலில் போனில் அழைப்பது யார் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடலாம்; ஒரே நாளில் இரண்டு பேர் அழைத்தால் வாடிக்கையாளர் இருவரையுமே பிளாக் செய்துவிடுவார்.