"எப்ப வேணா வாங்க சார்"

டியூஷன் கேட்டு போன் செய்யும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சை முடிப்பார்கள். "எப்ப வேணா வாங்க சார், உங்க சௌகரியம்தான்." மரியாதைக்குச் சொல்வது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு, "சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில வர்றேன்" என்று சொல்லும் வாத்தியார் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறார் என்பது என் கட்சி. நானும் போட்டுக்கொண்டவன்தான்.

பள்ளியில் வேலை பார்த்தவரை நான் டியூஷன் எடுத்ததில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28-வது பிரிவில், ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. ஓய்வு பெற்ற பிறகுதான் கும்பகோணத்தில் நாலைந்து வீடுகளுக்குப் போய்ப் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். 'டெமோ கிளாஸ்' என்ற சொல்லே அப்போதுதான் காதில் விழுந்தது. முதலில் ஒரு வகுப்பு பார்ப்பார்களாம், பிடித்தால் தொடர்வார்களாம். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. புடவைக் கடையில் கூடப் பிரித்துப் பார்த்துத்தானே எடுக்கிறோம் என்று என் மனைவி சொன்னதும் அடங்கினேன்.

முதல் டெமோவை ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்தேன். பையன் குளித்து, இட்லி சாப்பிட்டு, நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்திருந்தான். அப்பா பக்கத்து நாற்காலியில். நான் வரைபடக் கணக்கு ஒன்றை அழகாகப் போட்டுக் காட்டினேன். எல்லோருக்கும் திருப்தி. பிறகு நிஜ வகுப்பு செவ்வாய், வெள்ளி மாலை 6 மணிக்கு என்று முடிவாயிற்று. அந்த நேரத்தில் அவன் பள்ளியின் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைவான். சட்டையைக் கழற்றும்போதே கண் சொக்கும். இரண்டு மாதம் நானும் அவனும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டோம். மூன்றாம் மாதம் அவன் அப்பா போனை எடுக்கவில்லை. குற்றம் அவர்கள் பேரில் இல்லை. நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைப் பையனை, சொல்லிக்கொடுத்தது வெள்ளிக்கிழமைப் பையனுக்கு.

அதிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். எந்த நாளில், எந்த மணியில் வருடம் முழுக்க வகுப்பு நடக்கப்போகிறதோ, டெமோவும் அந்த நாளில், அந்த மணியில்தான். பெற்றோரிடம் "உங்களுக்கு எப்போது முடியும்" என்று கேட்பதில்லை. என்னிடம் உள்ள இரண்டு நேரங்களைச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். இரண்டும் வேண்டாம் என்றால் மூன்றாவது தேடலாம்.

சென்ற காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒரு அம்மா பேசினார். பையன் கணக்கில் நூற்றுக்கு 41. நான், "வியாழன் மாலை ஆறே முக்கால், இல்லையென்றால் ஞாயிறு மாலை ஐந்து, இதில் எதும்மா தோது?" என்றேன். ஞாயிறு என்றதும் ஒரு நொடி மௌனம். "வியாழனே இருக்கட்டும் சார்." பிறகுதான் எனக்கு உறைத்தது, ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். வெளியே சொல்லத் தயங்கியிருக்கிறார். இரண்டு நேரம் கொடுத்தால் இந்தச் சங்கடம் பேசாமலே தீர்ந்துவிடுகிறது.

போனில் பேசியதோடு விட்டால் பாதி காற்றில் போய்விடும். நம் ஊரில் "அடுத்த வியாழன்" என்றால் சிலருக்கு வருகிற வியாழன், சிலருக்கு அதற்கடுத்த வாரம். இதனாலேயே ஒருமுறை பூட்டிய வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஆகவே அன்றிரவே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன்:

"அம்மா, வணக்கம். டெமோ வகுப்பு: அக்டோபர் 9, வியாழன், மாலை 6.45 முதல் 7.30 வரை, உங்கள் வீட்டில். கட்டணம் இல்லை. தொடர்ந்தால் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், மாதம் 2,500 ரூபாய். காலாண்டு விடைத்தாள், பாடப்புத்தகம், ஜாமெட்ரி பாக்ஸ் எடுத்து வைக்கவும். பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும், ஆனால் பக்கத்தில் உட்கார வேண்டாம். உங்கள் முடிவைச் சனிக்கிழமைக்குள் சொன்னால் போதும். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதில் எது மாற வேண்டும் என்றாலும் எழுதுங்கள்."

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அதை நான் சம்மதமாக எடுப்பதில்லை. பார்த்தேன் என்பதற்கும் அதே விரல்தானே. "நாள், மணி மட்டும் ஒருமுறை எழுதிவிடுங்கள் அம்மா" என்று கேட்டேன். "9ஆம் தேதி வியாழன் 6.45 சார். ஜாமெட்ரி பாக்ஸ்ல காம்பஸ் இல்லை, தொலைஞ்சுடுச்சு" என்று வந்தது. பாருங்கள், கேட்டதால்தான் காம்பஸ் விஷயம் தெரிந்தது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு, ஒன்று வடிவியல், மற்றது வரைபடம். காம்பஸ் தொலைந்த பையன் வடிவியலை எப்படிப் போட்டிருப்பான்?

கட்டணத்தை முதலிலேயே எழுதுவதைப் பற்றி நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். படிப்பு சொல்லிக்கொடுக்கிறவன் காசைப் பற்றி முதலில் பேசலாமா என்று. நான் பேசலாம் என்பேன். டெமோ முடிந்து காபி கொடுத்த பிறகு தொகையைக் கேட்டால், கட்டுப்படியாகாத வீட்டுக்காரர் மறுக்க வெட்கப்படுவார். முன்னாலேயே தெரிந்தால் கௌரவமாக விலகிக்கொள்ளலாம்.

வியாழன் போனேன். பையன் கொட்டாவியோடு வந்து உட்கார்ந்தான். அதைத்தானே பார்க்க வந்தேன். முதல் பத்து நிமிடம் விடைத்தாளைப் புரட்டினேன். வர்க்கப் பூர்த்திக் கணக்கு ஒன்றை இரண்டாவது வரியில் விட்டிருந்தான். நான் x² − 8x + 7 = 0 என்று ஒன்று எழுதிக் கொடுத்தேன். முறை அவனுக்குத் தெரியவில்லை என்று நினைத்தால், அது இல்லை. "(x − 4)² என்னடா?" என்றதும் x² − 16 என்று பட்டென்று எழுதினான். நடுவில் இருக்க வேண்டிய 8x காணோம், கடைசி 16-க்கும் குறி தப்பு. பிறகு எப்படி அந்த இடதுபக்கத்தில் ஒரு வர்க்கம் ஒளிந்திருப்பது அவன் கண்ணில் படும்? இது கீழ் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்க வேண்டிய முற்றொருமை.

மீதி நேரம் முழுக்க அது ஒன்றுதான். நாலு பக்கம் கொண்ட சதுரம் வரைந்து, துண்டு போட்டு, (x − 4)² என்றால் x² − 8x + 16 என்று அவனையே வரவழைத்தேன். கடைசிப் பத்து நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அவனே (x − 4)² = 9 என்று கொண்டுவந்து, 7, 1 என்று இரண்டு விடையும் எழுதினான்.

அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "பத்தாவது பாடம் ஒண்ணும் நடத்தலையே சார்?" விடைத்தாளில் அதே பிழை மூன்று இடத்தில் வந்ததைக் காட்டினேன். பேசவில்லை. இன்னொன்றும் சொன்னேன்: ஆறே முக்கால் சரிப்படாது, டிபன் சாப்பிட்டுவிட்டு ஏழேகாலுக்கு உட்காரட்டும்.

சனிக்கிழமை மாலை பதில் வந்தது. "திங்கள், வியாழன் 7.15 சார். காம்பஸ் வாங்கியாச்சு."