தலைப்பும் தேடலும்: ஒரு புழுவின் பெயர் படும் பாடு

2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடக மாநிலத்தின் மக்காச்சோள வயல்களில் காணப்பட்ட படைப்புழு, அவ்வாண்டிலேயே தமிழ்நாடு உள்ளிட்ட வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சியைக் குறித்து அதன்பின் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறிப்புகளும் அவற்றின் தமிழாக்கங்களும் பல. ஆயினும் அத்தமிழாக்கங்கள் வேண்டியவர் கைக்கு வேண்டிய நாளில் கிட்டுகின்றனவா என்பது வேறு கேள்வி. புழு சிறியதாய் இலைமேல் இருக்கும்போது அதனைக் கட்டுப்படுத்துதல் எளிது. அது வளர்ந்து குருத்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொண்டபின், தெளிக்கும் மருந்து அதனிடம் சென்று சேர்வது அரிது. வெப்பமான பருவத்தில் புழுநிலை ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று வாரமே. ஆகவே வரப்பில் நின்று கைப்பேசியில் தேடும் விரிவாக்க ஊழியருக்குத் தேடல் அன்றே பயன்படவேண்டும். அடுத்த மாதம் பயன்படுவதில் பொருளில்லை.

அவ்வூழியர் மூன்று வகையில் தேடக்கூடும். தமிழ் எழுத்திலேயே சொல்லை இடலாம். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஒலித்தபடி இடலாம். ஆங்கிலப் பெயரையே இடலாம். பொருள் ஒன்றேயாயினும் இம்மூன்றும் தேடுபொறியில் ஒன்றுபோல் நடப்பதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் சூட்டப்படும் தலைப்பு, நல்ல கட்டுரையையும் மறைத்துவிடுகிறது.

முதலில் தமிழ் எழுத்தை எடுத்துக்கொள்வோம். "மக்காச்சோளப் பயிரில் படைப்புழுவைக் கட்டுப்படுத்தும் முறைகள்" என்று ஒரு தலைப்பு இருப்பதாகக் கொள்க. இலக்கணப் பிழையற்ற, எவரும் குறைகூற இயலாத தலைப்பு இது. தேடுகிறவர் இடும் சொற்களோ "மக்காச்சோளம் படைப்புழு" என்பன. மனிதக் கண்ணுக்கு இரண்டும் பொருந்துகின்றன. முழுச்சொல்லை முழுச்சொல்லோடு ஒப்பிடும் எளிய தேடல் கருவிக்கோ இவற்றுள் ஒரு சொல்லேனும் பொருந்துவதில்லை. தலைப்பில் "மக்காச்சோளம்" இல்லை, "மக்காச்சோளப்" இருக்கிறது. "படைப்புழு" இல்லை, "படைப்புழுவைக்" இருக்கிறது. சொல்லின் தொடக்கப் பகுதியை மட்டும் ஒப்பிடும் கருவியாயின் "படைப்புழு" தப்பிப் பிழைக்கும். "மக்காச்சோளம்" அப்போதும் பிழைப்பதில்லை; ஏனெனில் ஈற்று மகரம் கெட்டு வேறெழுத்து வந்துவிட்டது. "மக்காச்சோளத்தில்" என்று எழுதினாலும் நிலைமை இதுவே.

ஆங்கிலத்தில் இவ்விடர் பெரிதாகத் தோன்றுவதில்லை. `control of fall armyworm in maize` என்னும் தலைப்பில் வேற்றுமைப் பொருளை `of`, `in` என்னும் தனிச்சொற்களே தாங்கிநிற்கின்றன. `maize`, `armyworm` என்னும் பெயர்கள் உருமாறாமல் நிற்கின்றன. எந்த வரிசையில் தேடினாலும் அவை அகப்படும். தமிழில் வேற்றுமை பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. சந்தியும் சாரியையும் பெயரின் ஈற்றையே மாற்றுகின்றன. ஆகவே ஆங்கிலத் தலைப்பின் அமைப்பை அப்படியே தமிழில் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர், தேடத்தக்க ஒரு தலைப்பைத் தேடமுடியாத தலைப்பாக மாற்றித் தருகிறார். பொருளை அவர் சிதைக்கவில்லை. கிட்டும் வழியைத்தான் அடைத்துவிடுகிறார்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. பெரிய தேடுபொறிகள் சொற்களின் திரிபுகளை ஓரளவு அறியும் என்பர்; தலைப்பை மட்டுமன்றிக் கட்டுரையின் உட்பகுதியையும் படிக்கும் என்பர். இரண்டும் உண்மையே. கட்டுரையின் உள்ளே எங்கேனும் "மக்காச்சோளம்" என்று திரியாமல் இருந்தால் அங்கே அது அகப்பட்டுவிடும். ஆனால் துறை இணையதளங்களின் தேடற்கட்டம், நூலகப் பட்டியல், அலுவலகக் கணினியில் உள்ள கோப்புகளின் பெயர்த்தேடல் ஆகியவற்றுள் பல, தலைப்பை மட்டுமே, அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவன. ஊழியரும் ஆசிரியரும் பழைய இதழ் ஒன்றைத் தேடுவது பெரும்பாலும் இவ்விடங்களில்தான்.

எனவே தலைப்பில் முதன்மைப் பெயர்கள் எழுவாய் வடிவில், திரியாமல் நிற்கவேண்டும் என்பதே முறை. "மக்காச்சோளம்: படைப்புழு – கட்டுப்படுத்தும் முறைகள்" என்று எழுதினால் இரண்டு பெயர்களும் முழுமையாக நிற்கின்றன. இடையில் நிறுத்தற்குறி வருதலால் வல்லினம் மிகவேண்டிய இடமும் இல்லை. இலக்கணத்தை மீறியதாகவும் ஆகாது. முன்னையதன் ஓட்டம் இதில் இல்லை என்று சிலர் வருந்தலாம். அவ்வோட்டத்தைக் கட்டுரையின் முதல் வாக்கியத்தில் தாராளமாகக் காட்டலாம்.

கண்ணுக்குப் புலப்படாத இடரும் ஒன்றுண்டு. மேற்கண்ட சொல்லிலேயே உள்ள "சோ" என்னும் எழுத்தை ஒருங்குறியில் இரு வகையாகப் பதியலாம்: சகரத்தின்பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று; ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியே இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. இவை சமமானவை என்று ஒருங்குறி விதி கூறினும், அவ்விதியைச் செயற்படுத்தாத சிறு தளங்களில் ஒன்று மற்றொன்றைக் காணாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இரண்டாம் வகை நேர்வதுண்டு. இன்னும் பழைய கோப்புகளில் நிலைமை வேறு. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் வெவ்வேறு எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பட்ட ஆவணங்கள் பார்வைக்குத் தமிழாகவும், கணினியின் உள்ளே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் இருப்பதுண்டு. இதனைக் கண்டறிய ஒரு வரியை நகலெடுத்து வெற்றுக் குறிப்பேட்டில் ஒட்டிப் பார்த்தால் போதும். அங்கே தமிழ் தோன்றாவிடில், எவ்வளவு சிறந்த தலைப்பாயினும் அந்த ஆவணத்துக்குள் எத்தேடலும் நுழையாது.

இனி ஆங்கில எழுத்தில் இடப்படும் தமிழ். இங்கே கேடு இரு திசையிலும் நேர்கிறது. ஒரு சொல் பலவாகச் சிதறுவது ஒரு திசை. "படைப்புழு" என்பதில் டகரத்தை `d` என்றும் `t` என்றும் எழுதுவர். இரட்டித்த பகரத்தை `pp` என்றும் `p` என்றும் எழுதுவர். ழகரத்துக்கு `zh`, `z`, `l` என மூன்று வழக்குண்டு. இவற்றைப் பெருக்கினால் 12 வடிவங்கள். சொல்லைப் பிரித்தும் சேர்த்தும் எழுதுவதைக் கணக்கிட்டால் 24. `padaippuzhu`, `padaipulu`, `padai puzhu` யாவும் ஒரே புழுதான். பல சொற்கள் ஒன்றாய்க் குழைவது மற்றொரு திசை. `kalai` என்று இட்டவர் களையெடுப்பைத் தேடினாரா, கலையைத் தேடினாரா என்று எழுத்தைக்கொண்டு சொல்ல இயலாது. `oli` என்பதில் ஒளியும் ஒலியும் அடங்கிவிடுகின்றன. பௌதிக ஆசிரியருக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை.

பெரிய தேடுபொறிகள் இச்சிதறலை ஓரளவு ஊகித்துத் தமிழ்ப் பக்கங்களையும் காட்டுகின்றன. எனினும் இவ்வகைத் தேடலுக்கு முன்வரிசையில் வருவன, ஆங்கில எழுத்திலேயே பெயரிடப்பட்ட காணொலிகளாக இருத்தல் பெரும்பான்மை. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித்தரும் விசைப்பலகைகள் கைப்பேசிகளில் பரவலாக உள்ளன. அவ்வழியே வரும் தமிழில் ஒற்று விட்டுப்போவதுண்டு: "படைபுழு", "மக்காசோளம்". "மக்கா சோளம்" என்று பிரிந்து வருவதும் உண்டு. தமிழ் எழுத்தில் வந்ததனாலேயே அச்சொல் பிழையற்றது என்று கொள்ள இயலாது.

ஆங்கிலத் தேடல் ஏராளமாகத் தருகிறது. அதுவே அதன் குறை. `fall armyworm maize` என்று இட்டால் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் எழுதப்பட்ட பரிந்துரைகள் வந்து குவியும். அங்கே அனுமதிக்கப்பட்ட மருந்து இங்கே அனுமதிக்கப்பட்டதாக இராது. அளவும் ஏக்கர் கணக்கிலோ ஹெக்டேர் கணக்கிலோ மாறும். தமிழ்க் கட்டுரை அக்குவியலில் இடம்பெறவேண்டுமாயின், அதன் பக்கத்தில் ஆங்கிலப் பெயர் ஆங்கில எழுத்திலேயே ஓரிடத்தில் இருக்கவேண்டும். "ஃபால் ஆர்மிவார்ம்" என்று தமிழெழுத்தில் தலைப்பிடுவது எவருக்கும் உதவுவதன்று. ஆங்கிலம் அறிந்தவர் அதனை ஆங்கில எழுத்தில் தேடுவார். அறியாதவர் அப்பெயரையே தேடார். அதனினும் தவறானது "இலையுதிர்காலப் படைப்புழு" என்னும் சொல்லுக்குச் சொல் ஆக்கம். அமெரிக்க வழக்கில் அச்சொல் இலையுதிர்காலத்தைக் குறிப்பது மெய். ஆனால் உடுமலை விவசாயியின் வாயில் அப்பெயர் வழங்குவதில்லை, ஆதலால் அவர் விரலும் அதனைத் தட்டாது.

இம்மூன்றையும் சாய்கோடு இட்டு ஒரே தலைப்பில் அடுக்கிவிடலாமே என்று சில அலுவலகங்களில் கருதுகின்றனர். அது வேண்டத்தக்கதன்று. கைப்பேசித் திரையில் நீண்ட தலைப்பு இடையில் வெட்டப்படும். வெட்டுண்ட பகுதியில் புழுவின் பெயர் போய்விட்டால் பயனென்ன? ஆங்கில எழுத்துத் தமிழின் 24 வடிவங்களையும் எப்படியும் அடுக்க முடியாது. தலைப்பு தமிழாகவே இருக்கட்டும். அதன்கீழ் ஒரு துணைவரியில் ஆங்கிலப் பெயரும் விஞ்ஞானப் பெயரும், மிகுதியாக வழங்கும் ஓரிரண்டு ஒலிபெயர்ப்புகளும் வந்தால் போதும்.

```
மக்காச்சோளம்: படைப்புழு – கட்டுப்படுத்தும் முறைகள்
Fall armyworm (Spodoptera frugiperda) in maize
makkacholam padaipuzhu
```

இவ்வரிகள் படிப்பவர் காணும்படி பக்கத்தில் இருக்கவேண்டும். பக்கத்தின் மறைகுறிப்பில் திறவுச்சொற்களாக ஒளித்து வைப்பதில் பயனில்லை. இணையத் தேடலில் அக்குறிப்பைத் தாம் கணக்கில் கொள்வதில்லை என்று கூகுள் நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. கோப்பின் பெயரும் முகவரியும் ஆங்கில எழுத்தில் இருத்தல் நலம். ஒருங்குறியில் ஒன்பது குறிகள் கொண்ட "படைப்புழு" என்னும் ஒரு சொல், முகவரியில் நகலெடுக்கப்படும்போது 81 எழுத்துகளாக நீண்டுவிடும்; மின்னஞ்சலில் அது பாதியில் முறிவதும் உண்டு.

கட்டுரையின் முதல் பத்தியில் மக்கள் வழங்கும் சொல்லும் ஒருமுறை வருதல் வேண்டும். அலுவலகம் "மேலாண்மை" என்கிறது. வயலில் "மருந்து" என்கிறார்கள். தலைப்பில் "மேலாண்மை" இருப்பின் இருக்கட்டும்; முதல் பத்தியில் "படைப்புழு மருந்து" என்னும் தொடர் இல்லாவிடில், அத்தொடரை இட்டவர் வேறிடம் செல்வார்.

முன்னரே வெளிவந்த இதழ்களின் தலைப்புகளை மாற்றுதல் ஆகாது. பிறர் அவற்றை மேற்கோளாகக் குறித்திருப்பர். தலைப்பு மாறினால் அக்குறிப்புகள் வழிதவறும். தளத்தில் அக்கட்டுரைக்குரிய பதிவில், அச்சிட்ட தலைப்பைத் தொடாமல், அதன்கீழ் மேற்சொன்ன துணைவரிகளை மட்டும் சேர்க்கலாம். சேர்த்தபின் அத்தளத்தின் தேடற்கட்டத்தில் "மக்காச்சோளம்", "மக்காச்சோளத்தில்", "மக்காசோளம்", `makkacholam`, `maize` என்னும் ஐந்தையும் ஒவ்வொன்றாக இட்டு, எதற்குக் கட்டுரை வருகிறது, எதற்கு வரவில்லை என்று குறித்துக்கொள்ள ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். வராத வடிவத்தைத் துணைவரியிலோ முதல் பத்தியிலோ சேர்த்து மறுமுறை பார்க்கலாம்.